தொடுகோட்டுக்கு அப்பால் ஒரு சாண்

கிரேன் வைத்திருந்த அந்த மனிதரை எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். அவருக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிப்பு கிடையாது. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. மாறாக, முதல்முறை பார்க்கிறவரிடம் பத்து நிமிஷத்துக்குள் சொல்லிவிடுவார். அப்படிப் பெருமையாகச் சொல்ல அவருக்குக் காரணம் இருந்தது. சங்கிலிக் கப்பியைத் தோளில் போட்டுக்கொண்டு லாரி லாரியாக ஏறி இறங்கியவர். உடைந்துபோன பழைய கிரேன் ஒன்றை இரும்பு விலைக்கு வாங்கி, மூன்று வருஷம் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து ஓட வைத்தவர். ஒரு இரும்பு உத்திரத்தைத் தூரத்திலிருந்து பார்த்தே அதன் எடையைச் சொல்வார். தராசில் வைத்தால் ஐம்பது கிலோ முன்பின் இருக்கும், அவ்வளவுதான். படித்த எஞ்சினியர்கள் நாலு பேர் கூடி நின்று விழித்துக்கொண்டிருந்த இடத்தில், வண்டியை இரண்டடி தள்ளி நிறுத்தி, பொருளைப் பூப்போல இறக்கிவிட்டுப் போனவர். இது எதுவும் கதை இல்லை, நடந்தது.

அவர் தம்பி பத்தாவது முடித்தவன். படிக்க வைத்தது அண்ணன்தான். அந்தப் படிப்பில் மற்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டது, கணக்கு மட்டும் அவனைவிட்டுப் போகவில்லை. சிமெண்டுப் பையின் காகிதத்தைக் கிழித்து, காதில் செருகிய பென்சிலை எடுத்து, எதையாவது போட்டுக்கொண்டே இருப்பான். அதனால் வேலை இடங்களில் அவனுக்கு வாத்தியார் என்று பெயர். முதலில் கேலிக்கு வைத்த பெயர். பிறகு சொந்தப் பெயரே மறந்துபோகும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

மின்கம்பி போகும் இடத்தில் கிரேனை நிறுத்த வேண்டுமென்றால் வாத்தியார் ஒரு வேலை செய்வான். கிரேன் எந்த அச்சில் சுழலுமோ அந்த இடத்தில் ஒரு முளை அடிப்பான். அங்கிருந்து பக்கத்து மதிலுக்கு இணையாக ஒரு நூல், மதிலுக்குச் செங்குத்தாக இன்னொரு நூல் இழுப்பான். பிறகு மேலே போகும் மின்கம்பிக்கு நேர் கீழே தரையில் இரண்டு இடம் குறித்து, ஒவ்வொன்றும் முளையிலிருந்து மதிலோடு எவ்வளவு, மதிலைவிட்டு எவ்வளவு என்று டேப் பிடித்து அளப்பான். கிரேன் கையின் நுனியிலிருந்து தொங்கும் இரும்புக்கயிறு சுற்றி வரும்போது தரையில் ஒரு வட்டம் போடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மின்கம்பி ஒரு நேர்கோடு. அந்தக் கோடு இந்த வட்டத்தை எங்கே சந்திக்கிறது என்பதுதான் அவன் காகிதத்தில் தேடுவது.

“கண்ணு ரெண்டும் நல்லா இருக்கறப்போ இந்தக் கூத்தெல்லாம் எதுக்குடா?” என்பார் அண்ணன்.

“கண்ணு மேல பாக்கும்ணா. கயிறு எங்க போகும்னு கணக்குதான் பாக்கும்.”

“கேட்டீங்களா, வாத்தியார் பாடம் எடுக்கறாரு. எல்லாரும் கைகட்டி உக்காருங்கப்பா!”

சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பான். ஆனாலும் பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட அவன் போட்ட கணக்கை மீறி அண்ணன் வண்டியை நிறுத்தியதில்லை. வாயில்தான் கேலி; காரியத்தில் தம்பி சொன்ன இடத்துக்குத்தான் சக்கரம் போகும். ஒரே ஒருநாளைத் தவிர.

அன்றைக்குக் கிடங்கு ஒன்றுக்குக் கூரை உத்திரங்கள் தூக்கும் வேலை. ஆறு உத்திரம். முந்தின நாளே அங்கிருந்த சூப்பர்வைசரிடம் அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார்: “நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஆறும் மேல உக்காந்திருக்கும். இல்லைன்னா என் பேரை மாத்தி வைங்க.” அந்த சூப்பர்வைசர் வேறொரு கம்பெனியின் புது கிரேனைப் பற்றி அடிக்கடி புகழ்ந்து பேசுகிறவர். நீளமான கை, ஏ.சி. கேபின், கம்ப்யூட்டர் திரை. அந்தப் புகழ்ச்சி அண்ணனின் காதில் எறும்பு புகுந்ததுபோல் இருந்தது.

ஐந்து உத்திரம் மதியத்துக்குள் ஏறிவிட்டது. ஆறாவதற்கு வண்டியை மதில் மூலைக்கு நகர்த்தினார்கள். வாத்தியார் முளை அடித்தான், நூல் இழுத்தான், அளந்தான். மதிலோடு இரண்டு மீட்டர் போனால் கம்பி பதினோரு மீட்டர் தள்ளி இருந்தது. மதிலோடு பத்து மீட்டர் போனால் ஐந்து மீட்டரில் இருந்தது. கயிற்றின் சுழற்சி ஆரம் பத்து மீட்டர். காகிதத்தை முழங்காலில் வைத்துக் கொஞ்சநேரம் எழுதினான். பிறகு எழுந்து வந்து கேபின் கதவைத் தட்டினான்.

“இங்க நிக்கக்கூடாதுண்ணா.”

“ஏன், வெட்டுதா?”

“வெட்டலை. பூஜ்யம் வருது. தொடுது.”

“எத்தனை இடத்துல?”

“ஒரே இடம். ஆறு, எட்டு. மதிலோட ஆறு மீட்டர், மதிலை விட்டு எட்டு மீட்டர்.”

அண்ணன் எட்டிப் பார்த்தார். உத்திரம் உட்கார வேண்டிய தூண், தம்பி காட்டிய அந்தப் புள்ளிக்கு ஒன்றரை மீட்டர் முன்னாலேயே இருந்தது. கயிறு லாரிப் பக்கமிருந்து சுற்றி வந்து தூணுக்கு நேரே நின்றால் போதும். புள்ளிவரை போகவே வேண்டாம்.

“ஒரே ஒரு புள்ளிதானே? நான் அந்தப் புள்ளிக்கே போகலையே. அதுக்கு முன்னாலயே நிறுத்தப்போறேன்.”

“பூஜ்யத்தை நம்பக்கூடாதுண்ணா. கத்தி முனைல நிக்குது அது. கரண்டு ஆபீஸ்ல நாளை மறுநாள் லைன் ஆஃப் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் தூக்கலாம்.”

“நாளை மறுநாளா? அவன் கிட்ட நான் பேரை மாத்திக்கணுமா?” அண்ணன் சூப்பர்வைசர் நிற்கும் பக்கம் பார்த்தார். அவர் கைகட்டி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தா பாரு, பயமா இருந்தா ஓரமா நில்லு. உத்திரம் பிடிக்க வேற ஆளை வெச்சுக்கறேன்.”

தூக்கும் உத்திரம் சுழலாமல் இருக்க, கீழே நின்று ஒருவர் அதைக் கையால் பிடித்து வழிநடத்த வேண்டும். அது எப்போதும் வாத்தியாரின் வேலை. வேறு ஆளை வைப்பதாகச் சொன்னதும் அவன் பென்சிலைக் காதில் செருகினான். காகிதத்தை நாலாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தான். கையுறையைப் போட்டுக்கொண்டு போய் உத்திரத்தின் நுனியைப் பிடித்தான்.

“மெதுவாண்ணா,” என்றான்.

அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது.

உத்திரம் லாரியைவிட்டு எழும்பியது. அண்ணன் கிரேனின் கையை மெல்லச் சுழற்றினார். அவர் கண் தூணின் மேல் இருந்தது. புள்ளிக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. தூணை நெருங்கும் முன்பே மேலே பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம், ஒரு நீல வெளிச்சம். கேபினுக்குள் இருந்த அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழே பார்த்தார்.

பிறகு நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல அவரால் முடிந்ததில்லை. யாரோ “இறங்காதீங்க, இறங்காதீங்க” என்று கத்தியது நினைவிருக்கிறது. அந்தக் கையுறை நினைவிருக்கிறது.

மூன்றாம் வாரம் விசாரணை வந்தது. மின் அலுவலகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி, கூட ஒரு எழுத்தர். சூப்பர்வைசர் முந்திக்கொண்டார். “அந்தத் தம்பிதான் சார் நூலெல்லாம் போட்டு அளந்தாரு. கம்பி படாதுன்னு கணக்குப் போட்டுச் சொன்னாரு.”

அதிகாரி அண்ணனின் பக்கம் திரும்பினார். “அப்படியா?”

அண்ணன் வாயைத் திறந்தார். அவர் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி. ஆனால் வெளியே வந்தது வேறு: “கணக்கெல்லாம் அவன்தான் சார் பாப்பான்.”

அது பொய் இல்லை. ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். அறிக்கையில் ‘இறந்தவர் செய்த கணக்கீட்டுப் பிழை’ என்று வந்தது. அதற்குப் பிறகு வேலை இடங்களில் ஒரு பேச்சு கிளம்பியது: வாத்தியார் தன் கணக்காலேயே போனான் என்று. கேலியாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார்கள். அது இன்னும் மோசம்.

தம்பியின் மனைவி தையல்காரி. முன்னறையில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்குத் தைத்துக் கொடுப்பாள். அண்ணன் வாரத்துக்கு ஒருமுறை போய்ச் சுவரோரம் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வருவார். அவள் தைப்பாள், அவர் பார்ப்பார். பேச்சு அதிகம் இருக்காது. நாலாவது மாதம் ஒருநாள் அவள் மெஷினை நிறுத்தினாள். உள்ளே போய் நாலாக மடித்த சிமெண்டுக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

“சாப்பாட்டுப் பைல இருந்துச்சு மாமா. இத்தனை நாளா எடுத்துப் பாக்கறேன், எனக்கு ஒண்ணும் புரியலை.” கொஞ்சம் தயங்கினாள். “அவர் கணக்கு தப்பா மாமா?”

அண்ணன் காகிதத்தைப் பிரித்தார். எண்கள், எழுத்துகள், கடைசியில் இரண்டு கோடு போட்டு அடிக்கோடிட்ட ஒரு பூஜ்யம். அதற்குக் கீழே தம்பியின் கையெழுத்தில் ‘நிற்கக்கூடாது’ என்று ஒரு சொல். அதை அவரால் படிக்க முடிந்தது.

அவளாலும் அதைப் படிக்க முடிந்திருக்கும். அதனால்தான் கேட்கிறாள்.

“தெரியலைம்மா,” என்றார். “கேட்டுட்டு வரேன்.”

தெரு முனையில் ஒரு டியூஷன் டீச்சர் இருந்தார். பிள்ளைகள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பெஞ்சுகள் காலியாக இருந்தன. அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வாழ்க்கையில் எந்த அறையிலும் அவர் அவ்வளவு குறுகி நின்றதில்லை.

“இதுல தப்பு இருக்கான்னு பாருங்க டீச்சர்.”

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “யார் போட்டது?”

“என் தம்பி.”

டீச்சர் கரும்பலகைக்குப் போனார். “இது வட்டம். மையத்துல முளைன்னு எழுதியிருக்காரு. ஆரம் பத்து. அப்போ எக்ஸ் வர்க்கமும் ஒய் வர்க்கமும் கூட்டினா நூறு. இது நேர்கோடு: மூணு எக்ஸ், நாலு ஒய், கூட்டினா ஐம்பது. அவர் அளந்த ரெண்டு இடத்தையும் போட்டுப் பாக்கறேன். ரெண்டும் பதினொண்ணும்: ஆறும் நாப்பத்தி நாலும், ஐம்பது. சரி. பத்தும் அஞ்சும்: முப்பதும் இருபதும், ஐம்பது. சரி. நல்லா அளந்திருக்காரு.”

“அளப்பான். அளக்கறதுல அவனை அடிச்சுக்க ஆளில்லை,” என்றார் அண்ணன். பெருமை பழக்கத்தில் வந்துவிட்டது. உடனே வாயை மூடிக்கொண்டார்.

“இப்போ கோட்டுலேர்ந்து ஒய்யை எடுத்துக்கணும். ஐம்பதுல மூணு எக்ஸைக் கழிச்சு நாலால வகுக்கணும். அதைக் கொண்டுபோய் வட்டத்துல ஒய் இருக்கற இடத்துல வெச்சுடறோம். இதுக்குப் பிரதியிடறதுன்னு பேரு. ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கணும்னா ரெண்டு பேருக்கும் ஒரே ஒய்தானே இருக்கணும்?” சாக்பீஸ் ஓடியது. நாலின் வர்க்கமான பதினாறால் எல்லாவற்றையும் பெருக்கினார், சேர்த்தார், சுருக்கினார். “இந்தாங்க. எக்ஸ் வர்க்கம், கழித்தல் பன்னிரண்டு எக்ஸ், கூட்டல் முப்பத்தாறு, சமம் பூஜ்யம். இதோட தன்மைகாட்டி என்ன? பன்னிரண்டோட வர்க்கம் நூத்தி நாப்பத்தி நாலு. அதுலேர்ந்து நாலு தடவை முப்பத்தாறு, அதுவும் நூத்தி நாப்பத்தி நாலு. கழிச்சா?”

“பூஜ்யம்.”

“பூஜ்யம். மிகை எண் வந்தா கோடு வட்டத்தை ரெண்டு இடத்துல வெட்டும். குறை எண் வந்தா சந்திக்கவே சந்திக்காது. பூஜ்யம் வந்தா ஒரே இடத்துல தொடும், தொடுகோடு. அந்த இடம் ஆறு, எட்டு. உங்க தம்பி போட்டது அச்சு அசல் சரி.”

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளைகளின் பெஞ்சு, முழங்கால் மார்புவரை வந்தது.

“அப்போ ஏன் டீச்சர்… நான் ஆறு எட்டுக்குப் போகவே இல்லை. ஒன்றரை மீட்டர் முன்னாலயே நிறுத்தப்போனேன். அங்க வர்றதுக்குள்ளயே கம்பில பட்டுடுச்சு.”

வந்திருப்பது யார் என்று டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. சாக்பீஸை வைக்கப்போனவர் வைக்கவில்லை. “பாரம் தூக்கறப்போ ஆரம் பத்துதான் இருக்குமா?” என்று தணிந்த குரலில் கேட்டார்.

அண்ணன் கரும்பலகையில் இருந்த பத்தைப் பார்த்தார். முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவர் அவர். பாரம் ஏறினால் கை வளையும்; வளைந்தால் நுனி வெளியே தள்ளும். இதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர் சொல்லித்தருவார்.

“ஒரு சாண் கூடும்,” என்றார். “இருபது சென்டிமீட்டர்.”

டீச்சர் பத்தை அழித்துப் பத்து புள்ளி இரண்டு என்று எழுதினார். மறுபடியும் பிரதியிட்டார். இந்தத் தடவை எண்கள் சுருங்க மறுத்தன, நீளமாக வந்தன. தன்மைகாட்டி பூஜ்யம் இல்லை. மிகை எண். இரண்டு விடைகள். ஒன்று நாலரைக்குக் கொஞ்சம் கீழே, இன்னொன்று ஏழரைக்குக் கொஞ்சம் மேலே. கம்பியோடு அளந்தால் இரண்டுக்கும் நடுவில் நாலு மீட்டர்.

“ஒரு சாணுக்கு நாலு மீட்டரா?” அண்ணன் தன் கையை விரித்துப் பார்த்தார்.

“தொடற இடத்துல கோடும் வட்டமும் ரொம்ப தூரம் ஒட்டி ஒட்டித்தான் போகும். கொஞ்சம் பெருசானாலும் வாய் பிளந்துடும். அந்தப் புள்ளிக்கு இந்தப் பக்கம் ரெண்டு மீட்டர், அந்தப் பக்கம் ரெண்டு மீட்டர்.”

அவர் ஒன்றரை மீட்டருக்கு முன்னால் நிறுத்தப்போனார். கயிறு இரண்டு மீட்டருக்கு முன்னாலேயே கம்பியைச் சந்தித்துவிட்டது. கத்தி முனை என்று தம்பி சொன்னது இதைத்தான். அவன் வளைவைக் கணக்கில் போடவில்லை. போட அவசியமும் இல்லை. பூஜ்யத்தைப் பார்த்ததுமே ‘நிற்கக்கூடாது’ என்று எழுதிவிட்டான். கை வளையும் என்று தெரிந்தவர் கேபினில் இருந்தார்.

அங்கிருந்து நேரே தையல் மெஷின் முன்னால் போய் நின்றார். உட்காரவில்லை.

“கணக்கு சரிம்மா. நிக்கவேண்டாம்னு என்கிட்ட சொன்னான். நான்தான் கேக்கலை. சூப்பர்வைசர் முன்னால மானம் போயிடும்னு நினைச்சேன்.”

அவள் தைத்துக்கொண்டிருந்த துணியின் விளிம்பில் கத்தரியை வைத்தாள். வெட்டவில்லை. நிமிர்ந்து கேட்டாள்: “விசாரணையில என்ன சொன்னீங்க?”

“கணக்கெல்லாம் அவன்தான் பாப்பான்னு.”

“நாலு மாசம் மாமா. நாலு மாசமா கடைக்குப் போனா, கணக்குல கோட்டைவிட்டவன் பொண்டாட்டின்னு என்னைப் பாக்கறாங்க. நீங்க அந்த நாற்காலியில வந்து உக்காந்துட்டுப் போனீங்க.”

அவர் தலை குனிந்து நின்றார். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, மறுபடி அவரிடமே நீட்டினாள்.

“என்கிட்ட சொல்லி என்ன ஆகும்? அங்க போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு இதைத் திருப்பிக் கொண்டாங்க.”

மறுநாள் காலையிலேயே மின் அலுவலகம். அதே அதிகாரி. கோப்பு மூடியாகிவிட்டது என்றார். திறங்க என்றார் அண்ணன். திறந்தால் உங்கள் மேல்தான் வழக்கு வரும், ஓட்டும் உரிமம் போகும் என்றார் அதிகாரி. போகட்டும் சார் என்றார் அண்ணன். எழுத்தர் சொல்லச்சொல்ல எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அண்ணன் வேண்டாமென்று சொல்லி, தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கையெழுத்துப் போடுவதைத் தவிர எழுதியே பழகாத கை. அரைப்பக்கம் எழுத முக்கால் மணி நேரம் ஆனது. தம்பி சொன்னதை எழுதினார். தான் சொன்னதை எழுதினார். வாக்குக் கொடுத்ததை எழுதினார். ‘பாரம் ஏறினால் ஒரு சாண் கூடும், எனக்குத் தெரியும்’ என்று எழுதினார்.

அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, சிமெண்டுக் காகிதத்தையும் பிரித்துப் பார்த்தார். “கீழே ஒரு படம் போட்டுக் கொடுத்திடுங்க. கிரேன் எங்க நின்னுது, கம்பி எப்படிப் போச்சுன்னு.”

மேஜையில் குடித்து முடித்த டீ டம்ளர் இருந்தது. அதைக் கவிழ்த்துச் சுற்றிலும் பென்சிலை ஓட்டினார். வட்டம் நன்றாக வந்தது. நடுவில் ஒரு புள்ளி வைத்தார். அடிக்கோலை எடுத்து வட்டத்தின் விளிம்பில் வைத்துக் கோடு இழுத்தார். கோடு வட்டத்துக்குள் போய்விட்டது. அழித்தார். மறுபடி வைத்தார், இந்தத் தடவை நடுவில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. அழித்தார்.

அடிக்கோலைக் கொஞ்சம் உள்ளே தள்ளி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். வெட்டியது.

எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். அதிகாரி ரப்பரை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினார்.